அஸர் நேரமும் ஒரு கோல் நிழலும்
சூரியனின் ஏற்றக்கோணத்தை நாமே கணிப்பது எப்படி?

சென்ற ஜனவரியில் ஒரு நாள். பாலையூற்றில் மாரி மழை இன்னும் விட்டபாடில்லை. விஞ்ஞான ஆசிரியர் வராததால் பத்தாம் வகுப்புக்கு நான் பதில் பாடம் எடுக்கப் போயிருந்தேன். தமிழ்ப் புத்தகத்தைத் திறக்கு முன்னரே ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், உம்மாட போன்ல அஸர் 4.29 எண்டு காட்டுது. பள்ளியில 3.39க்கே பாங்கு சொல்றாங்க. எது சேர் சரி?"

"வெளியே போய் நிழலைப் பார்த்தால் தெரியுமே" என்றேன்.

"வெயிலே இல்லையே சேர், நிழலுக்கு எங்க போறது?"

வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதல்ல. ஐம்பது நிமிட வித்தியாசம் சின்ன வித்தியாசமா? தாய் 3.45க்கு லுஹரை அதாவாகத் தொழுகிறார். மகன் பள்ளிவாசலில் அஸரை முடித்துவிட்டு வருகிறான். ஒரே வீட்டில், ஒரே மத்ஹபில், இரண்டு வக்து.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து கணக்கைப் போட்டேன். நான் தமிழ்ச் சிறப்புப் பட்டம் படித்தவன். கணிதம் உயர்தரத்தோடு நின்றுவிட்டது. அந்த அளவு கணிதமே இதற்குப் போதும் என்று கண்டதால்தான் இதை எழுதுகிறேன். விஞ்ஞானக் கல்குலேட்டர் ஒன்று கையில் இருந்தால் வாசகர்களும் கூடவே போட்டுப் பார்க்கலாம்.

கேள்வி என்ன?

ஷாபிஈ மத்ஹபில் அஸர் நுழைவதற்கான அளவு நிழல்தான். ஒரு பொருளின் நிழல் அப்பொருளின் நீளத்துக்குச் சமமாக வளர வேண்டும். அதோடு நண்பகலில் ஏற்கெனவே இருந்த நிழலையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இமாம் அபூஹனீபா அவர்களின் கருத்தில் பொருளின் நீளத்தைப் போல இரு மடங்கு, அதோடு நண்பகல் நிழல். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈகள் என்பதால் நம் பள்ளிவாசல்களின் நேரம் முதல் அளவின்படி அமைகிறது.

நிழலின் நீளத்தைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: அடிவானத்திலிருந்து சூரியன் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்பது. அதை ஏற்றக்கோணம் என்கிறோம். சூரியன் 45 பாகையில் நின்றால் ஒரு மீற்றர்க் கோலுக்கு ஒரு மீற்றர் நிழல். மேலே ஏற ஏற நிழல் குறுகும். கீழே இறங்க இறங்க நீளும். கோலின் நீளத்தை ஏற்றக்கோணத்தின் தாஞ்சனால் வகுத்தால் நிழல் கிடைத்துவிடும்.

இந்தத் தாஞ்சனையும் அதன் தலைகீழான கோதாஞ்சனையும் அறபு வானியலார் 'ழில்' என்றே அழைத்தார்கள். அதன் பொருள் நிழல். நம் 'நிழல்' என்ற சொல்லோடு ஓசை ஒத்துப்போவது தற்செயல்தான்; உறவு கொண்டாட முடியாது. ஆனால் இன்னொரு சொல் உண்மையாகவே உறவுக்காரன். சமஸ்கிருத 'ஜீவா' அறபியில் எழுத்து மாறி, 'ஜைப்' என்று வாசிக்கப்பட்டது. ஜைப் என்றால் சட்டையின் கழுத்து மடிப்பு, பை. அதை இலத்தீனுக்குப் பெயர்த்தவர்கள் மடிப்பு என்ற பொருளிலேயே 'சைனஸ்' என்றார்கள். அதுதான் இன்றைய சைன். நம் மூத்தவர்கள் சட்டைப் பையை 'ஜேப்பு' என்று சொல்வதும் அதே ஜைப்பிலிருந்து வந்ததுதான்.

ஆக, வெயில் இல்லாத நாளில் நிழலை அறிய வேண்டுமானால், முகிலுக்குப் பின்னால் சூரியன் எந்த உயரத்தில் நிற்கிறது என்று கணிக்க வேண்டும். அதற்கு மூன்று விடயங்கள் தெரிந்தால் போதும்: நாம் நிற்கும் அகலக்கோடு, ஆண்டின் எத்தனையாவது நாள், எத்தனை மணி.

வானத்தில் ஒரு முக்கோணம்

பாடசாலை மைதானத்தின் நடுவில் நிற்பதாக நினைத்துக்கொள்வோம். வானம் கவிழ்த்த சட்டி போல நம்மைச் சூழ்ந்திருக்கிறது. அதில் மூன்று புள்ளிகளைக் குறிக்கிறோம்.

முதலாவது, தலைக்கு நேர் மேலே இருக்கும் உச்சி. இரண்டாவது, வானமெல்லாம் எதைச் சுற்றிச் சுழல்வதாகத் தோன்றுகிறதோ அந்த வடதுருவப் புள்ளி. மூன்றாவது, சூரியன்.

வடதுருவப் புள்ளி வடக்கு அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரமோ அதுவே நம் அகலக்கோடு. பாலையூற்று ஏறக்குறைய 8.6 பாகை வடக்கு. கையை நேரே நீட்டி முஷ்டி பிடித்தால் முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை. அப்படியானால் நமக்குத் துருவ நட்சத்திரம் வடக்கே ஒரு முஷ்டி உயரம்கூட வராது. அடிவானத்துக்கும் உச்சிக்கும் இடையே 90 பாகை. எனவே துருவத்துக்கும் உச்சிக்கும் இடைத்தூரம் 90 − 8.6 = 81.4 பாகை. இது முக்கோணத்தின் முதல் பக்கம்.

இரண்டாவது பக்கம் துருவத்திலிருந்து சூரியனுக்கு. சூரியன் வான நடுக்கோட்டுக்கு எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே நிற்கிறது என்பதை விலக்கம் என்போம். வடக்கே என்றால் கூட்டல் குறி, தெற்கே என்றால் கழித்தல் குறி. துருவத்திலிருந்து சூரியனின் தூரம் 90 − விலக்கம்.

மூன்றாவது பக்கம் உச்சியிலிருந்து சூரியனுக்கு. இதுதான் நமக்குத் தெரியாதது. இது கிடைத்தால் 90இலிருந்து கழித்து ஏற்றக்கோணத்தை எடுத்துவிடலாம்.

இனி ஒரு கோணம் வேண்டும். நண்பகலில் சூரியன் துருவத்தையும் உச்சியையும் இணைக்கும் கோட்டில் நிற்கிறது; அப்போது துருவத்தில் உண்டாகும் கோணம் பூச்சியம். பிறகு மணிக்கு 15 பாகை வீதம் அது மேற்கே விலகுகிறது. 24 மணிக்கு 360 பாகை என்பதே கணக்கு. நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை. இதை மணிக்கோணம் என்போம்.

இரண்டு பக்கமும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் தெரிந்தால் மூன்றாவது பக்கத்தைக் காணலாம் என்று பாடசாலையில் கோசைன் விதியாகப் படித்திருப்போம். ஆனால் அது தட்டையான தாளில் வரைந்த முக்கோணத்துக்கு உரியது. இங்கே முக்கோணம் ஒரு கோளத்தின் மேல் கிடக்கிறது. பக்கங்கள் சென்ரிமீற்றரில் அல்ல, பாகையில் இருக்கின்றன. கோளத்துக்கும் ஒரு கோசைன் விதி உண்டு: மூன்றாம் பக்கத்தின் கோசைன், மற்ற இரு பக்கங்களின் கோசைன்களின் பெருக்கத்தோடு, அவற்றின் சைன்களையும் இடைக்கோணத்தின் கோசைனையும் பெருக்கிக் கூட்டியதற்குச் சமம். நம் பக்கங்கள் எல்லாம் '90இலிருந்து இன்னது' என்று இருப்பதால் கோசைன் சைனாகவும் சைன் கோசைனாகவும் மாறி, விதி இப்படி வந்து நிற்கும்:

```
sin h = sin φ × sin δ + cos φ × cos δ × cos H
```

இதில் h ஏற்றக்கோணம், φ அகலக்கோடு, δ விலக்கம், H மணிக்கோணம்.

929இல் மறைந்த அல்பத்தானி சூரிய உயரத்துக்குத் தந்த விதி இதற்குச் சமமானது. பதினான்காம் நூற்றாண்டில் திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் இப்னு ஷாத்திர் 'முவக்கித்', அதாவது நேரக் கணிப்பாளர், என்ற பதவியில் இருந்தார். அவர் போன்றவர்களின் அன்றாட வேலையே இந்த முக்கோணம்தான். நாம் இன்று சுவரில் மாட்டும் தொழுகை நேர அட்டவணை அந்தப் பதவியின் தொடர்ச்சி.

நாளிலிருந்து விலக்கம்

எங்கள் கேள்விக்குரிய நாள் ஜனவரி 20. மணி 3.30 என்று வைத்துக்கொள்வோம். போனும் பள்ளிவாசலும் சொல்வதை மறந்துவிட்டு, அந்த நேரத்தில் அஸர் நுழைந்துவிட்டதா என்று பார்ப்போம்.

விலக்கம் ஆண்டு முழுவதும் +23.44க்கும் −23.44க்கும் இடையே ஊஞ்சல் ஆடுகிறது. ஆண்டின் நாளை n என்று எடுத்தால்:

```
δ = 23.44 × sin(360 × (284 + n) / 365)
```

ஜனவரி 20க்கு n = 20. அடைப்புக்குள் 360 × 304 ÷ 365 = 299.8 பாகை. அதன் சைன் −0.867. 23.44ஆல் பெருக்கினால் விலக்கம் −20.3. சூரியன் நடுக்கோட்டுக்கு 20.3 பாகை தெற்கே நிற்கிறது.

இந்தச் சூத்திரம் ஊஞ்சல் ஒரே சீராக ஆடுவதாகக் கருதுகிறது. உண்மையில் பூமியின் பாதை நீள்வட்டம். ஆகவே சில மாதங்களில் கணக்குச் சற்றுப் பிசகும். செப்டெம்பர் இறுதியையொட்டி அது நன்றாகவே தெரியும். செப்டெம்பர் 23க்கு n = 266 போட்டால் −1.0 வரும், அன்று பகலும் இரவும் சமம், உண்மை விலக்கம் பூச்சியம். ஒரு பாகை பிழை பெரிதாகத் தெரியலாம். நம் அகலக்கோட்டில் அது அஸர் நேரத்தை ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் மாற்றுகிறது. நிமிடத்துக்குள் துல்லியம் வேண்டுவோர் வானியல் பஞ்சாங்கத்தில் அன்றைய விலக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

மணிக்கூட்டிலிருந்து மணிக்கோணம்

எல்லோரும் வழுக்கும் இடம் இதுதான். நானும் முதலில் வழுக்கினேன். 3.30 என்றால் நண்பகலிலிருந்து மூன்றரை மணி, 52.5 பாகை என்று போட்டுவிட்டேன். ஆனால் மணிக்கூட்டின் பன்னிரண்டு மணி சூரியனின் நண்பகல் அல்ல. இரண்டு திருத்தம் வேண்டும்.

முதலாவது, இடத்தால் வருவது. இலங்கையின் நியம நேரம் கிறினிச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது, அது 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது. அந்தக் கோடு இலங்கைத் தீவைத் தொடுவதே இல்லை. நமக்குக் கிழக்கே கடலில் போகிறது. பாலையூற்று 81.2 பாகையில் இருக்கிறது. இடைவெளி 1.3 பாகை, நாலால் பெருக்கினால் 5 நிமிடம். அந்த ஐந்து நிமிடம் சூரியன் நமக்குப் பிந்தி வருகிறது. இது ஆண்டு முழுவதும் மாறாது.

இரண்டாவது, நாளால் வருவது. பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சின் சாய்வும் சேர்ந்து சூரியனை ஒரு காலம் மணிக்கூட்டுக்கு முந்தவும் ஒரு காலம் பிந்தவும் செய்கின்றன. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். பெப்ரவரி நடுப்பகுதியில் 14 நிமிடம் பிந்தும். ஜனவரி 20இல் பிந்துவது 11 நிமிடம். இதற்கும் ஒரு சூத்திரம் உண்டு. விடை நிமிடத்தில் வரும், கழித்தல் குறி வந்தால் சூரியன் பிந்துகிறது:

```
B = 360 × (n − 81) / 365
E = 9.87 sin 2B − 7.53 cos B − 1.5 sin B
```

ஆக ஜனவரி 20இல் பாலையூற்றின் உண்மையான நண்பகல் 12 மணி, 5 நிமிடம், 11 நிமிடம் சேர்த்து 12.16. நவம்பர் தொடக்கத்திலோ அது 11.49. நண்பகல் முடிந்ததும் லுஹர் நுழைவதால், நவம்பரில் லுஹர் பன்னிரண்டுக்கு முன்பே வருவதையும் பெப்ரவரியில் 12.20ஐத் தொடுவதையும் அட்டவணையில் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

12.16 முதல் 3.30 வரை 194 நிமிடம். நாலால் வகுத்தால் மணிக்கோணம் 48.5 பாகை.

விடை

இப்போது எல்லாம் கையில் இருக்கிறது: அகலக்கோடு 8.6, விலக்கம் −20.3, மணிக்கோணம் 48.5.

```
sin 8.6 × sin(−20.3)            = −0.052
cos 8.6 × cos(−20.3) × cos 48.5 =  0.614
sin h                           =  0.562
h                               =  34.2
```

முகிலுக்குப் பின்னால் சூரியன் 34.2 பாகை உயரத்தில் நிற்கிறது. நூறு சென்ரிமீற்றர்க் கோலுக்கு நிழல் 100 ÷ tan 34.2 = 147 சென்ரிமீற்றர்.

அடுத்தது நண்பகல் நிழல். விதியில் மணிக்கோணத்தைப் பூச்சியமாக்கினால், உச்சியிலிருந்து சூரியனின் தூரம் அகலக்கோட்டுக்கும் விலக்கத்துக்கும் உள்ள வித்தியாசமே என்று வரும். 8.6 − (−20.3) = 28.9 பாகை. அதன் தாஞ்சன் 0.552. எனவே நண்பகல் நிழல் 55 சென்ரிமீற்றர். ஷாபிஈ அளவில் அஸருக்கு வேண்டிய நிழல் 100 + 55 = 155.

3.30க்கு நிழல் 147தான். அஸர் இன்னும் நுழையவில்லை.

எப்போது நுழையும்? விதியைத் திருப்பிப் போட வேண்டும். 155 நிழலுக்குரிய ஏற்றக்கோணம் 32.8 பாகை, அந்தக் கோணம் வருவதற்கு மணிக்கோணம் எவ்வளவாக இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

```
cos H = (sin h − sin φ × sin δ) / (cos φ × cos δ)
```

விடை 50.2 பாகை. நாலால் பெருக்கினால் 201 நிமிடம். அதாவது 3 மணி 21 நிமிடம். 12.16ஓடு கூட்டினால் 3.37. பள்ளிவாசல் பாங்கு 3.39. பேணுதலுக்காக ஓரிரு நிமிடம் கூட்டி வைப்பது நம் அட்டவணைகளின் வழக்கம். கணக்குச் சரியாகப் பொருந்துகிறது.

இதே கணக்கை இரு மடங்கு நிழலுக்கு, அதாவது 255 சென்ரிமீற்றருக்குப் போட்டேன். மணிக்கோணம் 63.3, நேரம் 4.29. போன் காட்டிய அதே நேரம்! போன் பிழை விடவில்லை. அதில் அஸர் கணிப்பு ஹனபி என்று அமைந்திருந்தது. மாணவனின் உம்மா அதை எப்போதும் தொட்டதில்லை. போன் வாங்கிய நாளிலிருந்தே அப்படி இருந்திருக்கிறது. ஆகவே இரண்டு நேரமும் கணக்கின்படி சரிதான். ஆனால் ஷாபிஈயாகத் தொழும் ஒருவர் அந்தப் போனை நம்பி லுஹரை 4 மணி வரை தள்ளினால், அவருடைய மத்ஹபின்படி அது களாவாகிவிடும்.

பிழை எங்கே வரும், எப்படித் தெரியும்?

நான் முதலில் விட்ட பிழையை முடித்துவிடுகிறேன். மணிக்கோணம் 52.5 என்று போட்டால் ஏற்றக்கோணம் 30.8ஆகவும் நிழல் 167ஆகவும் வருகிறது. அதை நம்பினால் 3.30க்கே அஸர் நுழைந்து கனநேரம் ஆகிவிட்டது என்று சொல்ல வேண்டிவரும். பதினாறு நிமிடத்தைக் கவனிக்காமல் விட்டதன் விலை இருபது சென்ரிமீற்றர்.

இரண்டாவது பிழை, "நிழல் ஆள் உயரத்துக்கு வந்தால் அஸர்" என்று பாதியை மட்டும் நினைவில் வைத்திருப்பது. அந்தக் கணக்கில் 45 பாகை போதும். ஜனவரி 20இல் சூரியன் 2.36க்கே அங்கே இறங்கிவிடும். ஒரு மணி நேரம் முந்திய தொழுகை! பாலையூற்றில் அந்தச் சுருக்கக் கணக்குப் பலிப்பது சூரியன் தலைக்கு நேரே வரும் நாட்களில்தான். அவை ஏப்ரல் 12ஐ ஒட்டியும் ஆகஸ்ட் இறுதியிலும் வருகின்றன. அன்று விலக்கமும் 8.6, அகலக்கோடும் 8.6, நண்பகல் நிழல் கோலின் காலடியில் ஒளிந்துகொள்ளும்.

மூன்றாவது பிழை நம் போன்ற வெப்பமண்டலத்தாருக்கே உரியது. அந்த இரு நாட்களுக்கும் இடையே, ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் முடிவு வரை, நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். யூன் 21இல் 8.6 − 23.44 என்று போட்டால் −14.84 வரும். குறியை விட்டுவிட்டு 14.84இன் தாஞ்சனை எடுக்க வேண்டும். நண்பகல் நிழல் 26 அல்லது 27 சென்ரிமீற்றர். ஜனவரியில் கூட்டிய பழக்கத்தில் இங்கேயும் கூட்டி 32 என்று எடுத்தால் நிழல் 63 ஆகிவிடும், அஸர் 3.34க்குப் பதிலாக 4.04 என்று அரை மணி பிந்திக் காட்டும். நண்பகலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்தால் இந்தப் பிழை நேராது.

நாலாவது, கல்குலேட்டரின் குறும்பு. திரையில் `RAD` என்று இருந்தால் எல்லாம் குழம்பும். தொடங்கு முன் sin 30 அழுத்திப் பாருங்கள். 0.5 வந்தால் `DEG` நிலையில் இருக்கிறது, தொடரலாம்.

கோலை நட்டுப் பார்த்தோம்

கணக்கு கணக்காகவே நின்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அஸர் நேரத்தில் பாடசாலை இல்லை. ஆனால் நண்பகலுக்கு முன்னும் பின்னும் சூரியன் ஒரேமாதிரித்தான் ஏறி இறங்குகிறது. காலையில் சோதித்தாலும் அதே விதிதான் சோதிக்கப்படுகிறது. இரண்டு நாள் கழித்து, ஜனவரி 22 காலையில் முகில் விலகியது. அன்று விலக்கம் −19.9, நண்பகல் 12.17. காலை 9 மணிக்கு மணிக்கோணம் 197 நிமிடம், அதாவது 49.25 பாகை. கணக்கு சொன்ன நிழல் 149.5 சென்ரிமீற்றர். அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மைதானத்துச் சீமெந்துத் தரைக்குப் போனோம்.

ஒரு மீற்றர்க் கோலை ஒருவன் பிடிக்க, இன்னொருவன் அளந்தான். 146! எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நூலில் கல்லைக் கட்டிக் கோலின் பக்கத்தில் தொங்கவிடச் சொன்னேன். கோல் சூரியன் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. ஒரு பாகை சாய்ந்தாலே மீற்றர்க் கோலின் நுனி 1.7 சென்ரிமீற்றர் நகரும். இரண்டு பாகைச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது, நிழலுக்குத் தெரிந்துவிட்டது.

கோலை நூலோடு ஒட்டி நிறுத்தியதும் இன்னொரு சிக்கல். "சேர், நிழலுக்கு நுனியே இல்ல, மங்கிப் போகுது" என்றாள் அளந்த பிள்ளை. உண்மைதான். சூரியன் ஒரு புள்ளி அல்ல. அரைப் பாகை அகலமுள்ள வட்டம். அதன் மேல் விளிம்பு ஒரு நிழலும் கீழ் விளிம்பு இன்னொரு நிழலும் போடுவதால், இந்த உயரத்தில் நுனி மூன்று சென்ரிமீற்றர் அளவுக்கு மங்கும். கருமை முடியும் இடம் 148, மங்கல் முடியும் இடம் 151 என்று குறித்தோம். நம் விதி தருவது சூரிய வட்டத்தின் மையத்தின் உயரம்; ஆகவே நடுவை எடுக்க வேண்டும். 149.5. கரும்பலகையில் இருந்த அதே எண்.

அந்த மங்கல் இன்னொன்றையும் கற்றுத்தந்தது. ஜனவரியில் அஸரையொட்டி நிழல் நிமிடத்துக்குச் சுமார் 1.2 சென்ரிமீற்றர் வளர்கிறது. மூன்று சென்ரிமீற்றர் மங்கல் என்றால் இரண்டரை நிமிடம். ஆகவே ஒரு மீற்றர்க் கோலால் யாரும் அஸரை இரண்டு மூன்று நிமிடத்துக்குக் கிட்டச் சொல்ல முடியுமேயொழிய அதற்குமேல் முடியாது. பள்ளிவாசல் அட்டவணை கூட்டி வைக்கும் அந்த ஓரிரு நிமிடம் இந்த மங்கலுக்கு வைத்த இடம் போலவே இருக்கிறது.

கோலும் இல்லாவிட்டால்? முற்கால அறபு வானியல் நூல்கள் நிழலை 12 விரல் அல்லது 7 பாத அளவில் சொல்லும். ஒருவரின் உயரம் அவருடைய சொந்தப் பாதத்தால் ஆறரை முதல் ஏழு வரை இருக்கும் என்பதே அதன் அடிப்படை. தன் நிழலைத் தன் பாதத்தாலேயே அளந்துகொள்ளலாம். ஏழு என்று வைத்தால் ஜனவரி 20இன் அஸர் நிழல் 7 × 1.55, ஏறக்குறைய 11 பாதம். வயலிலோ கடற்கரையிலோ நிற்பவருக்கு இது போதும்.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். இந்த விதி தருவது காற்றில்லாத வானத்தின் உயரம். சூரியன் 30 பாகைக்கு மேலே நிற்கும்போது காற்று ஒளியை வளைப்பது பொருட்டல்ல. அடிவானத்திலோ அது அரைப் பாகைக்கு மேல் தூக்கிக் காட்டும். அதோடு வட்டத்தின் மேல் விளிம்பும் மறைந்தால்தான் மஃரிப். அதனால் மஃரிபுக்கு ஏற்றக்கோணத்தைப் பூச்சியம் என்று போடக்கூடாது, −0.833 என்று போட வேண்டும். ஜனவரி 20க்குப் பூச்சியம் போட்டால் 6.03 வரும், −0.833 போட்டால் 6.07. நோன்பு திறப்பவருக்கு அந்த நாலு நிமிடம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த நாள் அந்த மாணவன் உம்மாவின் போனைப் பற்றி வந்து சொன்னான். அஸர் கணிப்பை ஷாபிஈக்கு மாற்றிவிட்டானாம். இப்போது பள்ளிவாசலோடு ஒரு நிமிடம்தான் முன்பின்னாம். "அந்த ஒரு நிமிசம் ஏன் சேர்?" என்று கேட்டான். போனுக்குத் தான் நிற்கும் நெடுங்கோட்டை எது சொல்கிறது, பேணுதல் நிமிடத்தை அது கூட்டுகிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.